99 சதவீத டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால், நோய் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு?

"இந்த டெஸ்ட் 99 சதவீதம் துல்லியம்" என்று கேள்விப்பட்டவுடன் நம் மனம் போடும் கணக்கு ஒன்றுதான்: பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 99 சதவீத வாய்ப்பு. படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களிடமே இந்தக் குழப்பம் உண்டு. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போன பெண்ணுக்கு எச்.ஐ.வி. முதல் டெஸ்டில் கோடு விழுந்துவிட்டால், வீட்டில் அன்றிரவு யாரும் சாப்பிட மாட்டார்கள். அடுத்த டெஸ்ட் வருவதற்குள் குடும்பமே இரண்டாகிவிடக்கூட வாய்ப்பிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். அதில் முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையில் தொற்று இருக்க வாய்ப்பு சுமார் 9 சதவீதம் என்று வரும். டெஸ்ட் மோசமானது என்பதால் இப்படி வருவதில்லை. டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். அப்படியிருந்தும் ஏன் 9, இரண்டாவது டெஸ்ட் அதை எங்கே கொண்டுபோகிறது, எந்தச் சூழ்நிலையில் இரண்டாவது டெஸ்டும் வீணாகிறது என்பதுதான் விஷயம்.

## வாசலில் செருப்புக் குவியல்

சாயங்காலம் ஒரு தெருவில் நடந்து போகிறீர்கள். ஒரு வீட்டு வாசலில் இருபது ஜோடி செருப்பு கிடக்கிறது. உள்ளே நிச்சயதார்த்தம் நடக்கிறதா?

நிச்சயதார்த்தம் நடக்கும் வீட்டு வாசலில் செருப்பு குவிந்திருக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் நீங்கள் பார்த்தது செருப்பை மட்டும்தான். அந்தத் தெருவில் நிச்சயதார்த்தம் வருடத்துக்கு ஒன்றிரண்டு நடந்தால் அதிகம். டியூஷனோ தினமும் நடக்கிறது. அதனால் செருப்புக் குவியலைப் பார்த்தவுடன் "டியூஷனாக இருக்கும்" என்றுதான் சொல்வோம். அது சரியான கணிப்பும்கூட.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிச்சயதார்த்தம் என்று தெரிந்தால், செருப்பு குவிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? மிக அதிகம். செருப்பு குவிந்திருப்பது தெரிந்தால், நிச்சயதார்த்தமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? மிகக் குறைவு. ஒன்று தெரிந்துவிட்ட நிலையில் இன்னொன்றுக்கு இருக்கும் வாய்ப்பைத்தான் நிபந்தனை நிகழ்தகவு என்கிறோம். கணக்கில் இதை P(A | B) என்று எழுதுவார்கள். நடுவில் இருக்கும் கோட்டுக்கு வலப்பக்கம் நமக்குத் தெரிந்தது. இடப்பக்கம் நாம் தேடுவது. பக்கம் மாறினால் கேள்வியே மாறிவிடும், விடையும் மாறிவிடும்.

டெஸ்ட் கிட்டின் பெட்டியில் போட்டிருக்கும் 99 என்பது "தொற்று இருந்தால் பாசிட்டிவ் வருமா" என்ற கேள்விக்கான விடை. கையில் ரிசல்ட்டை வைத்திருப்பவர் கேட்பது "பாசிட்டிவ் வந்திருக்கிறதே, தொற்று இருக்கிறதா" என்று. முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் போட்டுவிடுகிறோம். குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

## அந்தச் சின்னக் கார்டு என்ன செய்கிறது

எச்.ஐ.வி. துரிதப் பரிசோதனைக் கார்டு விரல் நீளத்துக்கு இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதன் குழியில் விட்டு, மேலே கரைசல் சொட்டு விடுவார்கள். திரவம் பட்டையில் மெதுவாக ஏறும். C என்று குறித்த இடத்தில் ஒரு கோடு கட்டாயம் விழ வேண்டும். விழாவிட்டால் கார்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். T என்று குறித்த இடத்திலும் கோடு விழுந்தால் ரிசல்ட்டை "ரியாக்டிவ்" என்று எழுதுவார்கள். குறித்த நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நேரம் தப்பிப் பார்த்தால் காய்ந்துபோன பட்டையில் இல்லாத கோடு மங்கலாகத் தெரியக்கூடும்.

இந்தக் கார்டு தேடுவது பெரும்பாலும் வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. பட்டையில் வைரஸின் புரதத் துண்டுகளை ஒட்டி வைத்திருப்பார்கள். ரத்தத்தில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருந்தால் கோடு தெரியும். சிக்கல் என்னவென்றால், வேறு காரணத்துக்காக உண்டான எதிர்ப்பொருளும் சில சமயம் அதே துண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் இது நடக்கலாம். கர்ப்பகாலத்திலும் நடந்திருக்கிறது. தொற்று இல்லாமலேயே கோடு விழுகிற இந்த நிலைதான் பொய் பாசிட்டிவ்.

ஒரு டெஸ்ட்டை இரண்டு எண்களால் அளக்கிறார்கள். தொற்று உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரை அது பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்று இல்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாக "இல்லை" என்று விடுவிக்கிறது என்பது குறிப்புத்திறன். இந்த வகைக் கார்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு, உணர்திறன் 99 சதவீதம், குறிப்புத்திறன் 98 சதவீதம். சந்தையில் இருக்கும் பல கார்டுகள் இதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் வரம்பை வைத்தே கணக்குப் போடுவோம், அப்போதுதான் மோசமான நிலைமை எப்படி இருக்கும் என்று தெரியும்.

## ஒரு லட்சம் பேரை நிற்க வைத்து எண்ணுவோம்

சதவீதத்தைச் சதவீதத்தால் பெருக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். ஆட்களாகவே எண்ணிவிடுவது சுலபம்.

இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று சுமார் 0.2 சதவீதம். இப்படிப்பட்ட ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் 200 பேருக்குத் தொற்று இருக்கும், 99,800 பேருக்கு இருக்காது.

முதலில் அந்த 200 பேர். உணர்திறன் 99 சதவீதம் என்பதால் 198 பேருக்குக் கோடு விழும். இரண்டு பேர் தப்பிவிடுவார்கள்.

அப்புறம் அந்த 99,800 பேர். குறிப்புத்திறன் 98 சதவீதம், அதாவது நூற்றுக்கு இரண்டு பேரிடம் கார்டு தவறு செய்யும். அது 1,996 பேர். நூற்றுக்கு இரண்டு என்பது சின்னத் தவறுதான். ஆனால் அந்தத் தவறு நடக்கும் கூட்டம் மிகப் பெரிது.

இப்போது கோடு விழுந்தவர்களை மட்டும் ஒரு அறையில் உட்கார வைப்போம். 198 பேரும் 1,996 பேரும் சேர்ந்து 2,194 பேர்.

```
P(தொற்று | பாசிட்டிவ்) = 198 / (198 + 1996) = 198 / 2194 ≈ 0.09
```

அறையில் இருக்கும் நூறு பேரில் ஒன்பது பேருக்குத்தான் தொற்று. மற்ற தொண்ணூற்றொரு பேரும் காரணமில்லாமல் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைத் திரும்ப ஒருமுறை சொல்கிறேன். கார்டின் எண்கள் எதுவும் பொய் இல்லை. தொற்று உள்ளவர்கள் மிகக் குறைவாக இருக்கும் கூட்டத்தில், பெரிய பகுதியில் நடக்கும் சின்னத் தவறு, சின்னப் பகுதியில் கிடைக்கும் பெரிய வெற்றியை மூழ்கடித்துவிடுகிறது. தெருவில் நிச்சயதார்த்தம் அரிது, டியூஷன் தினசரி என்பதும் இதே கணக்குதான்.

## அதே கார்டு, வேறு கூட்டம்

இதே கார்டைத் தொற்று 10 சதவீதம் உள்ள ஒரு குழுவில் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரில் 10,000 பேருக்குத் தொற்று. அவர்களில் 9,900 பேருக்குக் கோடு விழும். மீதி 90,000 பேரில் 1,800 பேருக்குப் பொய்க்கோடு. 11,700-ல் 9,900 என்றால் கிட்டத்தட்ட 85 சதவீதம்.

கார்டு அதேதான். பொய்க்கோடு விழும் விகிதமும் அதேதான். ஆனால் பாசிட்டிவ் என்ற சொல்லின் கனம் 9-லிருந்து 85-க்கு ஏறிவிட்டது. ஆகவே "இந்த டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால் எவ்வளவு நம்பலாம்" என்று கார்டை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. யாரிடம் செய்தார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும். டெஸ்டுக்கு முன்பே ஒருவருக்குத் தொற்று இருக்க இருந்த வாய்ப்பை முன் நிகழ்தகவு என்பார்கள். ரிசல்ட் தெரிந்த பிறகு வரும் வாய்ப்பு பின் நிகழ்தகவு. டெஸ்ட் செய்வதெல்லாம் முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான்.

## இரண்டாவது கட்டம் ஏன் வேலை செய்கிறது

அறைக்குள் திரும்புவோம். அங்கே இருக்கும் 2,194 பேரும் இனி சாதாரண ஊர்க்கூட்டம் இல்லை. அவர்களில் தொற்று 9 சதவீதம். ஊரில் 0.2 ஆக இருந்தது, முதல் டெஸ்ட் வடிகட்டியதால் 9 ஆகியிருக்கிறது. நாம் இப்போது பார்த்த 10 சதவீதக் குழுவுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். முதல் டெஸ்டின் பின் நிகழ்தகவு, இரண்டாவது டெஸ்டின் முன் நிகழ்தகவாக உட்கார்ந்துகொள்கிறது.

இவர்களிடம் மட்டும் வேறொரு கார்டால் இரண்டாவது டெஸ்ட் செய்கிறோம். அதற்கும் அதே 99, 98 என்று வைத்துக்கொள்ளலாம். 198 பேரில் 196 பேருக்கு மறுபடியும் கோடு விழும். 1,996 பேரில் நூற்றுக்கு இரண்டு, அதாவது சுமார் 40 பேருக்கு மறுபடியும் பொய்க்கோடு.

```
P(தொற்று | இரண்டும் பாசிட்டிவ்) = 196 / (196 + 40) = 196 / 236 ≈ 0.83
```

9 சதவீதம் 83 ஆகிவிட்டது. பொய்யாகச் சிக்கியிருந்த 1,996 பேரில் 1,956 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் 83 சதவீதம் போதுமா? நூற்றில் பதினேழு பேருக்கு வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டிய ஒரு நோயைத் தவறாகச் சொல்வது என்னைப் பொறுத்தவரை ஏற்க முடியாதது. மூன்றாவது கார்டும் வைத்துப் பாருங்கள்: 196 பேரில் 194, 40 பேரில் ஒருவர். 195-ல் 194 என்றால் 99 சதவீதத்துக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் எல்லா இடங்களிலும் தொடர்ந்து மூன்று டெஸ்ட் ரியாக்டிவ் ஆன பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். தொற்று குறையக் குறைய அறையில் உண்மையானவர்கள் குறைவார்கள். அதனால் வடிகட்டுவது கூட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்து ரியாக்டிவ் என்று வந்தவரை, முடிவு எதுவும் சொல்லாமல், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவதும் இதனால்தான்.

இந்த நிதானம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின, அதாவது பாசிட்டிவ். அதை வைத்து உடனே முடிவு கட்டிவிடவில்லை. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய், வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு வகை டெஸ்டிலும் உறுதியான பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முடிவாயிற்று.

## அதே டெஸ்ட்டை மறுபடி செய்தால்?

மேலே கணக்குப் போடும்போது "வேறொரு கார்டால்" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தொடாமலேயே போய்விடுகின்றன.

1,996 பேரில் 40 பேருக்குத்தான் மறுபடி பொய்க்கோடு விழும் என்று எப்படிச் சொன்னோம்? இரண்டாவது கார்டின் தவறுக்கும் முதல் கார்டின் தவறுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒன்று நடந்தது தெரிந்தாலும் மற்றொன்றின் வாய்ப்பு மாறாமல் இருப்பதைச் சார்பின்மை என்பார்கள்.

முதல் கோடு ஏன் பொய்யாக விழுந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். கரைசல் சொட்டு கூடக் குறைய விழுந்ததாலோ நேரம் தப்பிப் பார்த்ததாலோ என்றால், அது அன்றைய தற்செயல். மறுபடி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு எதிர்ப்பொருள் கார்டில் உள்ள புரதத் துண்டில் ஒட்டிக்கொண்டதால் என்றால்? அந்த எதிர்ப்பொருள் நாளைக்கும் அவர் ரத்தத்தில் இருக்கும். அதே கம்பெனியின் அதே கார்டில் அதே புரதத் துண்டு இருக்கும். பத்து முறை செய்தாலும் பெரும்பாலும் கோடு விழுந்துகொண்டேதான் இருக்கும்.

உதாரணத்துக்கு, பொய்க்கோடு விழுந்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு அதே கார்டில் மறுபடியும் கோடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,996-ல் அது சுமார் 1,198 பேர். உண்மையான 198 பேருக்கும் மறுபடி கோடு விழும்.

```
P(தொற்று | அதே கார்டில் இரண்டு முறை பாசிட்டிவ்) = 198 / (198 + 1198) ≈ 0.14
```

9 சதவீதம் வெறும் 14 ஆகியிருக்கிறது. இரண்டு முறை செய்து பார்த்துவிட்டோம், இரண்டு முறையும் பாசிட்டிவ் என்று அந்தக் குடும்பம் இடிந்துபோகும். உண்மையில் ஏறக்குறைய எதுவுமே கூடுதலாகத் தெரிந்துவிடவில்லை.

கார்டின் பெட்டியில் போட்டிருக்கும் 2 சதவீதத் தவறு, பொதுவாகத் தொற்று இல்லாத ஒருவரைப் பற்றியது. இரண்டாவது கட்டத்தில் நமக்கு வேண்டியது வேறு: தொற்று இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை பொய்க்கோடு விழுந்த ஒருவருக்கு மறுபடியும் விழ என்ன வாய்ப்பு? இதுவும் நிபந்தனை நிகழ்தகவுதான். இந்த முறை நிபந்தனை இரண்டு. வேறு புரதத் துண்டு, முடிந்தால் வேறு தொழில்நுட்பம் என்று இரண்டாவது கார்டைத் தேர்ந்தெடுப்பது, இந்த எண்ணை 60-லிருந்து 2-க்குப் பக்கத்தில் இறக்குவதற்காகத்தான். நிஜத்தில் அது சரியாக 2-க்கு வருவதில்லை, கொஞ்சம் மேலேயே நிற்கும். அதனால் நாம் போட்ட 83 சதவீதத்தை உச்ச வரம்பு என்று எடுத்துக்கொள்வது நல்லது.

ஆகவே தனியார் லேபில் பாசிட்டிவ் என்று வந்து, "மறுபடி எடுத்துப் பார்த்தோம், அதுவும் பாசிட்டிவ்" என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை முறை செய்தீர்கள்" என்பதைவிட "எந்தெந்த கிட்டில் செய்தீர்கள்" என்பதுதான்.

## நெகட்டிவ் பக்கம்

முதல் கார்டில் கோடு விழாதவர்கள் 97,806 பேர். அவர்களில் தொற்று இருந்தும் தப்பியவர்கள் இரண்டே பேர். ஏறக்குறைய 49,000-க்கு ஒருவர். பாசிட்டிவை நம்ப முடியாத அதே கார்டின் நெகட்டிவை நன்றாகவே நம்பலாம். தொற்று அரிதாக இருப்பது அங்கே தொல்லை கொடுத்தது, இங்கே கை கொடுக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தொற்று ஏற்பட்ட புதிதில் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்க நாளாகும். கார்டு தேடுவதே எதிர்ப்பொருளை என்பதால், அந்த இடைவெளியில் கோடு விழாது. இதைச் சாளரக் காலம் என்பார்கள்; விரல் ரத்தக் கார்டுகளுக்கு இது மூன்று மாதம் வரைகூடப் போகலாம். சமீபத்தில் தொற்று ஏற்பட வாய்ப்பிருந்தவருக்கு உணர்திறன் 99 சதவீதம் என்ற எண் பொருந்தாது. அவருடைய நிபந்தனை வேறு.

சரி, முதல் கார்டு ரியாக்டிவ், இரண்டாவது இல்லை என்று முரண்பட்டால்? நம் அறையில் அப்படிப்பட்டவர்கள் 1,958 பேர்: தொற்று இல்லாத 1,956 பேரும், இரண்டாவது கார்டு தவறவிட்ட இருவரும். ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆறுதலான எண்தான். ஆனால் இதுவும் சார்பின்மையை நம்பிப் போட்ட கணக்கு. முதல் கட்டத்துக்குப் பொதுவாக உணர்திறன் கூடிய கார்டைத்தான் வைப்பார்கள். புதிதாகத் தொற்று ஏற்பட்டவரின் ரத்தத்தில் அப்போதுதான் தலைகாட்டும் எதிர்ப்பொருளை அது பிடித்துவிட, இரண்டாவது கார்டு கோட்டைவிட்டிருக்கலாம். அதனால்தான் முரண்பாடு தீராதபோது நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்துவிடாமல், 14 நாள் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். உண்மையான தொற்று என்றால் அந்த இரண்டு வாரத்தில் எதிர்ப்பொருள் பெருகி, முன்பு விட்டுப்போன கார்டிலும் கோடு தெரிய ஆரம்பிக்கும். வெறும் பொய்க்கோடு என்றால் இரண்டாவது கார்டு அப்போதும் வெறுமையாகவே இருக்கும்.